வியாழக்கிழமை ஆர்டர்: 120 பேருக்கு மதியச் சாப்பாடு

நான்: பெரியம்மா, பெருங்குடி அலுவலகத்திலிருந்து ஆர்டரை உறுதி செய்யச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. மொத்தம் 120 பேர், அதில் அசைவம் 72, சைவம் 48. சைவத்தில் ஆறு பேர் ஜைனர்கள், ஒருவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. பகல் 12.45-க்குப் பரிமாறத் தொடங்க வேண்டுமாம். சரி என்று பதில் எழுதிவிடட்டுமா?

பெரியம்மா: அவசரப்படாதே. அந்தக் கணக்கை எப்போது எடுத்தார்கள் என்று முதலில் கேள். ஆவணி மாதத்தில் எடுத்திருந்தால் அது செல்லாது. வியாழக்கிழமைக்குள் புரட்டாசி பிறந்துவிடும், பிரியாணிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் சைவ வரிசையில் வந்து நிற்பார்கள். அப்போது பிரியாணி அண்டாவில் மிஞ்சும், சாம்பார் சாதம் ஒரு மணிக்கே தீர்ந்துபோகும்.

சித்தப்பா: 120 என்பது 120தானே அண்ணி, யார் எதைச் சாப்பிட்டால் நமக்கு என்ன? எண்ணிக்கைக்குப் பணம் வந்தால் போதும்.

பெரியம்மா: பணம் வந்துவிடும், அடுத்த ஆர்டர் வராது. அசைவம் சாப்பிடுகிறவர்களும் காலிஃபிளவர் வறுவலை எடுப்பார்கள் என்பதால் அதை எப்போதும் 120 பேருக்கும் சேர்த்தே போடுகிறேன். சாதத்தையும் சாம்பாரையும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

அத்தை: புரட்டாசி என்றதும் நினைவு வந்தது. எங்கள் வீட்டுத் தளிகைக்குச் சனிக்கிழமை முப்பது பேருக்குப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் செய்து தர முடியுமா அண்ணி? வெங்காயம் எதிலும் படக்கூடாது.

பெரியம்மா: அதற்குத் தனியாகப் போன் செய்கிறேன். இந்தக் குழுவில் இப்போது வியாழக்கிழமை ஆர்டரை மட்டும் பேசுவோம்.

நான்: கேட்டுவிட்டேன். மறுபடி எல்லோரிடமும் விசாரித்து, சைவம் 80, அசைவம் 40 என்று மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். கோதுமை ஆகாதவருக்கும் ஜைனர்களின் டப்பாவையே ஏழாவதாகச் சேர்த்துவிடலாமா? அதில் சாதமும் பருப்பும்தானே இருக்கின்றன.

பெரியம்மா: கூடவே கூடாது. ஜைனர் சாம்பாரில் வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் எதுவும் இல்லாததால் மணத்துக்குப் பெருங்காயத்தைத்தான் தூக்கலாகப் போடுவேன். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் தெரியும். அவருக்குப் பெருங்காயம் போடாத மிளகு ரசம், ஒரு பொரியல், தயிர்சாதம் ஆகியவற்றை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தனிப் பாத்திரத்தில் செய்து, தனிக் கரண்டியோடு மூடி, டப்பாவின் மேல் அவர் பெயரை ஒட்டி அனுப்புகிறேன்.

அண்ணன்: நேரத்தையும் தெளிவாக எழுது. 12.45 என்பது பரிமாறும் நேரம், வண்டி 11.30-க்கே வாசலில் நிற்க வேண்டும். அந்த வளாகத்தில் சாமான் லிஃப்ட் ஒன்றுதான், அதோடு வண்டி எண்ணையும் உடன் வருபவர்களின் பெயர்களையும் முந்தைய நாள் மாலைக்குள் கொடுக்காவிட்டால் காவலர் உள்ளே விடமாட்டார்.

பெரியம்மா: பிரியாணி தம்மை அங்கே போய்த்தான் உடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள். வழியில் யாராவது மூடியைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். சூடான பண்டங்கள் பரிமாறும் வரை 60 டிகிரிக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும்.

சித்தப்பா: பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி என்றால் டிடிஎஸ் என்று பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

அண்ணன்: டிடிஎஸ் பிடிப்பார்கள் என்பது சரி சித்தப்பா, பத்து சதவீதம் என்பதுதான் தவறு. சமையல் ஒப்பந்த வேலைக் கணக்கில் வருவதால், பெரியம்மா பெயரிலேயே தொழில் இருக்கும்போது ஒரு சதவீதம்தான், பான் எண் மட்டும் கொடுத்திருக்க வேண்டும். சைவம் 80 பேருக்கு 250 ரூபாய் வீதம் 20,000, அசைவம் 40 பேருக்கு 300 வீதம் 12,000, ஆக 32,000. ஐந்து சதவீத ஜிஎஸ்டி 1,600 சேர்த்து பில் 33,600. பில்லில் ஜிஎஸ்டியைத் தனி வரியில் காட்டினால் 32,000-க்கு மட்டும் 320 ரூபாய் பிடிப்பார்கள், மீதி 33,280 கைக்கு வரும். பிடித்த 320-ஐயும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

நான்: பாதித் தொகையை நெஃப்ட் மூலம் முன்பணமாகத் தருகிறார்கள். மீதியை பில் கொடுத்து அறுபது நாளில் தருவதாக மெயிலில் இருக்கிறது.

அண்ணன்: அந்த அறுபதை ஒப்புக்கொள்ளாதே. பெரியம்மாவிடம் உத்யம் பதிவு இருக்கிறது. குறுந்தொழில் என்றால் எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பதிவு எண்ணை பில்லிலேயே போட்டுவிடு.

சித்தப்பா: சட்டம் பேசினால் ஆர்டரை வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார்கள்.

பெரியம்மா: முப்பது நாள் என்று மரியாதையாகக் கேட்டு எழுது, என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். செவ்வாய் மாலைக்குப் பிறகு எண்ணிக்கை கூடினால் ஐந்து பேர் வரை சமாளிப்பேன், குறைந்தால் பணம் குறையாது என்பதையும் அதே மெயிலில் எழுதிவிடு.

நான்: எழுதி அனுப்பிவிட்டேன் பெரியம்மா. எண்ணிக்கையையும் நேரத்தையும் தனி டப்பாக்களையும் ஒப்புக்கொண்டு பதில் வந்துவிட்டது. முப்பது நாளைப் பற்றி மட்டும் கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்கிறார்களாம்.

பெரியம்மா: முன்பணம் வங்கியில் ஏறியதும் எனக்குச் சொல். அதன் பிறகுதான் சீரகச் சம்பா எடுக்கக் கடைக்குப் போவேன்.