உதவி: 4 கேமரா பேக்கேஜ் விளம்பர வாசகம், பயமுறுத்தாமல் எழுத வேண்டும்

தர்மபுரி கேமராக்காரன்

வணக்கங்க. தர்மபுரி டவுனில் சிசிடிவி போட்டுக் கொடுக்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாவிலும் போட ஒரு வாசகம் எழுதியிருக்கிறேன். டீலர் அனுப்பும் போஸ்டரில் முகமூடித் திருடன் படமும் "இன்று பக்கத்து வீடு, நாளை உங்கள் வீடு" என்ற வரியும் இருக்கின்றன. அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் தனியாக இருக்கிற வீடுகள் நம்ம ஊரில் நிறைய. அவர்கள் தூக்கத்தைக் கெடுத்து நான் வியாபாரம் பண்ண வேண்டாம்.

என் வாசகம் இது:

"4 கேமரா பேக்கேஜ் ரூ.18,900 மட்டுமே! 2 எம்பி கேமரா 4, டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 30 நாள் ரெக்கார்டிங். 2 வருட வாரண்டி. இலவச சைட் சர்வே. இன்றே அழையுங்கள்!"

போன் நிறைய வருகிறது. ஆனால் நேரில் போய் அளந்து விலை சொன்னதும் பாதிப் பேர் "ஸ்டேட்டஸில் வேறு விலை போட்டீர்களே" என்கிறார்கள். எந்த வரியை மாற்றலாம்?

காரிமங்கலம் ஸ்டுடியோ

தம்பி, நான் ஃபிளெக்ஸ் டிசைன் பண்ணுகிறவன். பயம் காட்டினால்தான் போன் அடிக்கும், அது உண்மை. வேண்டாம் என்றால் விலையையாவது குறைத்துக் காட்டுங்கள். "ரூ.14,900 முதல்" என்று போடுங்கள், மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம். இன்னொன்று, இன்ஸ்டாவில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துவிடும். முக்கியமானதை மேலே வையுங்கள்.

ஓசூர் பழைய டெக்னீஷியன்

ஸ்டுடியோ தம்பி கடைசியாகச் சொன்னது சரி. "முதல்" விலை மட்டும் வேண்டாம். அவருடைய சிக்கலே ஸ்டேட்டஸ் விலைக்கும் நேரில் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளிதான். அதை 14,900 ஆக்கினால் சண்டை பெரிதாகும்.

கேமராக்காரத் தம்பி, உங்கள் 18,900-இல் கேபிள் எத்தனை மீட்டர்? பைப், வேலைக்கூலி, ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறதா? வாசகத்தில் ஒன்றுமே இல்லை. படிக்கிறவர் எல்லாம் அடக்கம் என்றுதான் நினைப்பார்.

தர்மபுரி கேமராக்காரன்

90 மீட்டர் கேபிள் ஒரு கட்டு, பைப், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துத்தான் அண்ணே. அதற்கு மேல் போனால் பைப்போடு மீட்டருக்கு 35 ரூபாய்.

போன வாரம் பாலக்கோடு ரோட்டில் ஒரு மளிகைக் கடை, பின்னால் வீடு. கல்லாவுக்கு 8 மீட்டர், முன்வாசலுக்கு 14, குடோனுக்கு 38, பின்கேட்டுக்கு 62. மொத்தம் 122. பின்கேட் நேராகப் பார்த்தால் 40 மீட்டர்தான். ஆனால் கேபிள் சுவரோரமாக ஏறி இறங்கித்தானே போகும். கூடுதல் 32 மீட்டருக்கு 1,120 சேர்த்து 20,020 சொன்னேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது.

ஓசூர் பழைய டெக்னீஷியன்

பாருங்கள், 1,120 ரூபாய் அவருக்குப் பெரிதில்லை. முன்கூட்டிச் சொல்லாததுதான் உறுத்துகிறது. "90 மீட்டர் வரை இந்த விலை, மேலே மீட்டருக்கு 35" என்று ஒரே வரி போடுங்கள். அப்போது உங்கள் சர்வேக்கும் அர்த்தம் வருகிறது, அளக்கத்தானே வருகிறீர்கள்.

அடுத்து அந்த 30 நாள். அதை எடுத்துவிடுங்கள். நாலு கேமராவும் 24 மணி நேரமும் பதிவானால், ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வைத்தாலே நாளைக்கு 21 ஜிபிக்கு மேல். நாலுக்கும் சேர்த்து 86. 1 டிபி டிஸ்க் சுமார் 11 நாளில் நிரம்பி, பழையதை அழித்துவிட்டு மேலே எழுத ஆரம்பிக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு என்று வைத்தால் நாள் கூடும், எத்தனை நாள் என்பது கடைக்குக் கடை மாறும். மூன்று வாரம் கழித்து ஒருவர் பழைய பதிவைத் தேடி, அது இல்லை என்றால் உங்கள் பெயர்தான் கெடும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

எங்கள் தோப்பில் கரண்ட் கிடையாது. காய் பறிக்கும் சமயத்தில் மட்டும் காவலுக்குக் கேமரா வேண்டும். இந்த 18,900-இல் வருமா?

தர்மபுரி கேமராக்காரன்

வராதுங்க. இந்தப் பேக்கேஜில் டிவிஆருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும். உங்களுக்கு சோலார் பேனலும் சிம்மும் உள்ள கேமராதான் சரி, பதிவு அதிலேயே மெமரி கார்டில் இருக்கும். வாங்குமுன் கேமரா வைக்கப்போகிற மரத்தடியில் நின்று, எந்த சிம்முக்கு டவர் நன்றாகக் கிடைக்கிறது என்று போனில் பாருங்கள். வீட்டு வாசலில் கிடைப்பது தோப்புக்குள் கிடைக்காது.

அரூர் டீச்சர்

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். 2 வருட வாரண்டி என்றால் எல்லாவற்றுக்குமா? எங்கள் வீட்டில் போட்டவர் அப்படித்தான் சொன்னார். கோடை மழையில் இடி விழுந்து டிவிஆர் போனதும் "இடிக்கு வாரண்டி கிடையாது" என்றார். கேமரா மங்கியதைப் பார்க்க வந்ததற்கும் 400 ரூபாய் வாங்கினார்.

ஓசூர் பழைய டெக்னீஷியன்

டீச்சர் கேட்டதுதான் சரியான கேள்வி. வாரண்டி ஒன்று இல்லை, பல. கேமராவுக்கும் டிவிஆருக்கும் கம்பெனி கொடுப்பது, டிஸ்க்குக்கு டிஸ்க் கம்பெனி கொடுப்பது, பவர் சப்ளைக்குத் தனி. இது போக நீங்கள் செய்த வேலைக்கு நீங்கள் கொடுப்பது. எனக்குத் தெரிந்து அதிகம் கெடுவது பவர் சப்ளையும் மழையில் பச்சை பிடிக்கிற கனெக்டரும். அவற்றைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. இடி, எலி கடித்த கேபிள், ஹை வோல்டேஜ் சேராது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தர்மபுரி கேமராக்காரன்

என் பில்லில் கேமரா, டிவிஆர் 2 வருடம், டிஸ்க் 3 வருடம், பவர் சப்ளை 1 வருடம் என்று இருக்கிறது. கனெக்டர், கேபிள் வேலைக்கு 1 வருடம் நான் வந்து பார்ப்பேன், வருகைக் கட்டணம் இல்லை. இதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அரூர் டீச்சர்

வாரண்டிக்குப் போன கேமரா திரும்பி வரும்வரை மாற்றுக் கேமரா தருவீர்களா?

தர்மபுரி கேமராக்காரன்

கையில் இரண்டு வைத்திருக்கிறேன், இதுவரை கொடுத்துத்தான் வருகிறேன். ஒரே நேரத்தில் மூன்று பேர் கேட்டால் முடியாது. அதனால் வாசகத்தில் வாக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

காரிமங்கலம் ஸ்டுடியோ

இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்? திருடனும் இல்லை, ஆஃபரும் இல்லை. எதை வைத்து நிறுத்துவீர்கள்?

ஓசூர் பழைய டெக்னீஷியன்

கேமரா என்ன காட்டும் என்பதை வைத்து. சாதாரண 3.6 எம்எம் லென்ஸில் 5 மீட்டருக்குள் நிற்பவர் முகம் அடையாளம் தெரியும். 15 மீட்டரில் ஆள் வருவது தெரியும், யார் என்று சொல்ல முடியாது. சர்வேயில் கேட்டில் ஆளை நிறுத்தி, வைக்கப்போகிற உயரத்திலேயே கேமராவைப் பிடித்துப் போனில் காட்டுங்கள். முடிந்தால் இருட்டின பிறகு. பார்த்தவருக்குப் பயம் தேவையில்லை.

தர்மபுரி கேமராக்காரன்

சரி அண்ணே. திருத்தியது இது:

"உங்கள் வாசலில் கேமரா வைத்தால் என்ன தெரியும்? வாங்குமுன் நேரில் காட்டுகிறோம். சைட் சர்வே இலவசம்.
4 கேமரா பேக்கேஜ் ரூ.18,900. டிவிஆர், 1 டிபி டிஸ்க், 90 மீட்டர் கேபிள், பைப், கூலி, ஜிஎஸ்டி அடக்கம். கேபிள் கூடினால் மீட்டருக்கு ரூ.35.
நாலு கேமராவும் நாள் முழுக்கப் பதிவானால் சுமார் 11 நாள் பதிவு இருக்கும். அதிகம் வேண்டுமென்றால் பெரிய டிஸ்க்.
வாரண்டி: கேமரா, டிவிஆர் 2 வருடம். டிஸ்க் 3 வருடம். பவர் சப்ளை 1 வருடம். எங்கள் வேலைக்கு 1 வருடம், வருகைக் கட்டணம் இல்லை. இடி, எலி, ஹை வோல்டேஜ் சேராது.
அளவும் விலையும் தாளில் எழுதித் தருவோம். போடாவிட்டாலும் தாள் உங்களுக்கே. தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம்."

அரூர் டீச்சர்

இது புரிகிறது. அரூர் ஏன் இல்லை?

தர்மபுரி கேமராக்காரன்

தூரம் டீச்சர். இலவசம் என்று சொல்லிவிட்டுப் பெட்ரோலுக்குக் கேட்க முடியாதே. அந்தப் பக்கம் வேலை வரும் நாளில் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று யோசிக்கிறேன்.