எரிபொருள் மின்கலக் கணக்கு: பயனுறுதிறன் 98 விழுக்காடு வருகிறது, விடையில் 83 என்று இருக்கிறது. உதவி தேவை

திருமங்கலம்_வேதியியல் (இழையைத் தொடங்கியவர்), இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தின் கோட்பாட்டு மின்னழுத்தத்தையும் பயனுறுதிறனையும் கட்டிலா ஆற்றல் மாற்றத்திலிருந்து கணக்கிட்டு, அதை ஒரு வெப்ப இயந்திரத்தோடு ஒப்பிடச் சொல்லும் கணக்கில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். மின்னழுத்தம் 1.23 வோல்ட் என்று சரியாக வந்துவிடுகிறது. பயனுறுதிறன் மட்டும் 98 விழுக்காடு வருகிறது. விடைப்பகுதியில் 83 என்று அச்சிட்டிருக்கிறார்கள். ΔG-ஐ ΔH-ஆல் வகுக்கிறேன், சூத்திரத்தில் ஐயமில்லை. நாளைக் காலை தேர்வு என்பதால் விரைவாக உதவுங்கள்.

வைகைக்கரை, இரவு 8.22

எந்த எண்ணை எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்பதைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ்தானா? விளைபொருளான நீர் திரவமா, ஆவியா? ஒப்பிட வேண்டிய வெப்ப இயந்திரம் எந்த இரு வெப்பநிலைகளுக்கு இடையே இயங்குகிறது? இம்மூன்றையும் எழுதுங்கள்.

மேலூர்_வெப்பவியல், இரவு 8.31

இந்தப் பகுதியில் நான் பலமுறை எழுதியதுதான். கேள்வி கேட்பவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டு வருவது நல்லது. உங்கள் 98 மட்டுமன்று, புத்தகத்தின் 83-உம் ஐயத்துக்குரியதே. ஆற்றலை வேலையாக மாற்றும் எந்தக் கருவிக்கும் கார்னோ எல்லை உண்டு. மின்கலமும் 298 கெல்வினில் இருக்கிறது, சுற்றுப்புறமும் 298 கெல்வினில் இருக்கிறது என்றால் அந்த எல்லை சுழியமாகிவிடும். அடிப்படை வெப்ப இயக்கவியலைப் படித்தவர்களுக்கு இது உடனே உறுத்தியிருக்க வேண்டும்.

அழகர்கோவில்_ஆய்வகம், இரவு 8.45

1.23 வோல்ட் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சவ்வு வகை மின்கலம் ஒன்று இருக்கிறது. சுமை எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை வைத்தால் 0.93 வோல்ட்டுக்கு மேல் காட்டுவதில்லை. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு மட்டுமே இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் மின்கலத்துக்குத் தூய ஆக்சிஜன் கொடுக்கிறீர்களா?

வைகைக்கரை, இரவு 8.52

ஐயா, அவர் அளந்து பார்க்கவில்லை. தாளில் கணக்குப் போடுகிறார்.

உசிலை_ஓய்வாசிரியர், இரவு 9.20

எண்களை நீங்கள் தராவிட்டாலும் 98 என்ற விடையே எங்கே வழுக்கியது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 237.1-ஐ 241.8-ஆல் வகுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் 98.1 வரும். ஒரு மோல் ஹைட்ரஜன் 25 டிகிரியில் ஆக்சிஜனோடு சேர்ந்து திரவ நீராகும்போது கட்டிலா ஆற்றல் 237.1 கிலோ ஜூல் குறைகிறது. ஆனால் 241.8 கிலோ ஜூல் என்பது நீராவி உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம். திரவ நீருக்கு உரிய வெப்பம் 285.8 கிலோ ஜூல். இரண்டுக்கும் உள்ள 44 கிலோ ஜூல் வேறுபாடு, ஆவி குளிர்ந்து நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பமே. வரவை ஒரு பேரேட்டிலும் செலவை இன்னொரு பேரேட்டிலும் எழுதினால் இலாபம் கூடித் தெரிவதைப் போலத்தான் இந்த 98 வந்திருக்கிறது.

திரவ நீருக்கே இரண்டையும் எடுத்தால் 237.1-ஐ 285.8-ஆல் வகுக்க 83.0 விழுக்காடு கிடைக்கும். நீராவிக்கே இரண்டையும் எடுத்தால் 228.6-ஐ 241.8-ஆல் வகுக்க 94.5 விழுக்காடு கிடைக்கும். ஆனால் அப்போது மின்னழுத்தமும் 1.23 ஆக இருக்காது, 1.18 ஆகக் குறைந்துவிடும். மின்னழுத்தம் 1.23 என்று நீங்கள் எழுதியதிலிருந்தே உங்கள் ΔG திரவ நீருக்குரியது என்பது தெரிந்தது. E = −ΔG/nF என்பதில் n = 2, F = 96,485 என்று வைத்தால் 2,37,100-ஐ 1,92,970-ஆல் வகுக்க 1.229 வோல்ட் வருகிறது.

தேர்வறையில் இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ΔH-க்கும் ΔG-க்கும் உள்ள வேறுபாடு TΔS. வாயு நிலையில் இருந்த ஒன்றரை மோல் பொருள் ஒரு மோல் திரவமாக ஒடுங்கும்போது என்ட்ரோபி பெரிதாகக் குறையத்தான் வேண்டும். அட்டவணைப்படி அது கெல்வினுக்கு 163.3 ஜூல். இதை 298-ஆல் பெருக்கினால் 48.7 கிலோ ஜூல். மின்கலம் எவ்வளவு நேர்த்தியாக இயங்கினாலும் இந்த அளவு வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். உங்கள் கணக்கில் வேறுபாடு 4.7 கிலோ ஜூல்தான் வருகிறது. நீராவிக்கே கூட அது 13.2 கிலோ ஜூல் இருக்கும்போது 4.7 என்பது எந்த நிலைக்கும் பொருந்தாத எண் என்பதைக் கண்டுகொள்ளலாம்.

மேலூர் நண்பருக்கு: கார்னோ எல்லை வெப்பத்தை வாங்கி அதில் ஒரு பகுதியை வேலையாக மாற்றும் இயந்திரத்துக்கு உரியது. மின்கலத்தில் எரிபொருளின் ஆற்றல் முதலில் வெப்பமாக மாறுவதே இல்லை. ஹைட்ரஜன் ஒரு மின்வாயில் எலக்ட்ரானை விடுகிறது, ஆக்சிஜன் மற்றொன்றில் அதை ஏற்கிறது, இடையில் வெளிச்சுற்று வேலை செய்கிறது. இரண்டாம் விதிக்கு விலக்கு எதுவும் இங்கே இல்லை. வெளியேறும் அந்த 48.7 கிலோ ஜூல்தான் இரண்டாம் விதி வாங்கும் பங்கு.

மேலூர்_வெப்பவியல், இரவு 9.41

வகுத்தலில் நேர்ந்த பிழையை நானே சொல்லியிருப்பேன்; அது சிறிய செய்தி. நான் எழுப்பியது ஒப்பீட்டைப் பற்றிய கேள்வி. மின்கலத்தை 298 கெல்வினிலேயே வைத்து, வெப்ப இயந்திரத்தை 800 கெல்வினில் நிறுத்திவிட்டு, மின்கலமே மேல் என்று எழுதுவது நேர்மையான ஒப்பீடு அன்று. வெப்பநிலை ஏற ஏற வெப்ப இயந்திரத்தின் எல்லை உயர்கிறது, மின்கலத்தின் எல்லை தாழ்கிறது. 1000 கெல்வினில் ΔG 192.6 கிலோ ஜூலாகக் குறைந்து, மின்னழுத்தம் ஏறத்தாழ 1.00 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதை 285.8-ஆல் வகுத்தால் 67 விழுக்காடு. அதே 1000 கெல்வினுக்கும் 298 கெல்வினுக்கும் இடையே கார்னோ எல்லை 70 விழுக்காடு. திட ஆக்சைடு மின்கலங்கள் இந்த வெப்பநிலை அளவில்தான் இயங்குகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உசிலை_ஓய்வாசிரியர், இரவு 10.05

எண்கள் சரியானவை, இரண்டு கோடுகளும் ஏறத்தாழ 950 கெல்வினில் ஒன்றையொன்று வெட்டும். 8.31-க்கு நீங்கள் எழுதிய சுழியத்திலிருந்து இது வேறுபட்ட வாதம் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, ஒன்றைச் சேர்க்கிறேன். 285.8-ஐ 0.1633-ஆல் வகுத்தால் 1750 கெல்வின் வருகிறது. 1750 கெல்வினில் வெப்பம் வாங்கி 298 கெல்வினில் விடும் கார்னோ இயந்திரத்தின் எல்லையும் அதே 83 விழுக்காடுதான். ஆக, அறை வெப்பநிலையில் இருக்கும் மின்கலம் சாதிப்பதை ஒரு வெப்ப இயந்திரம் சாதிக்க வேண்டுமானால், இரும்பு உருகும் வெப்பநிலையை நெருங்கிய அளவில் அது வெப்பத்தை வாங்க வேண்டும். நீராவிக் கொதிகலன்களில் ஆவியை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியசிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்; குழாயின் உலோகம் அதற்குமேல் நெடுங்காலம் தாங்குவது கடினம்.

1000 கெல்வின் மின்கலத்தைப் பொறுத்தவரை, அது விடும் வெப்பமும் 1000 கெல்வினில் இருப்பதால் அதைக் கொண்டு இன்னொரு இயந்திரத்தை ஓட்டலாம். எனவே 67-ஐயும் 70-ஐயும் மட்டும் அருகருகே வைத்து முடிவு சொல்லிவிட முடியாது.

மேலூர்_வெப்பவியல், இரவு 10.14

இன்னொரு இயந்திரத்தைச் சேர்த்த பிறகு அது மின்கலத்தின் பயனுறுதிறன் ஆகாது. கூட்டு அமைப்பின் பயனுறுதிறன். என் கருத்தில் மாற்றமில்லை.

கப்பலூர்_பட்டறை, இரவு 10.20

நான் வேதியியல் படித்தவன் அல்லன். எங்கள் பட்டறையில் மின்வெட்டு நேரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கிறது. இந்த 83 விழுக்காடு உண்மையென்றால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும்? சந்தையில் 50, 60 விழுக்காடு என்றல்லவா சொல்கிறார்கள்?

உசிலை_ஓய்வாசிரியர், இரவு 10.48

ஐயா, 83 விழுக்காடு என்பது மின்னோட்டமே எடுக்காத நிலையின் எல்லை. அந்தக் கணக்கில் கிலோவுக்கு 32.7 யூனிட் வரும். மின்னோட்டம் எடுக்கத் தொடங்கியதும் மின்வாய் வினைகளை உந்துவதற்கும், சவ்வின் மின்தடைக்கும் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிறது. சவ்வு வகை மின்கலம் சுமையோடு இயங்கும்போது 0.7 வோல்ட் அளவில் நிற்பது வழக்கம். அப்போது கிலோவுக்கு ஏறத்தாழ 18.6 யூனிட் கிடைக்கும். காற்றழுத்தி, குளிர்விப்பான் ஆகியவற்றின் செலவை இதிலிருந்து இன்னும் கழிக்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட விழுக்காட்டில் கவனம் தேவை. திரவ நீருக்குரிய வெப்பம் முழுவதும் மின்சாரமானால் 1.48 வோல்ட் கிடைக்க வேண்டும், நீராவிக்குரியதானால் 1.25 வோல்ட். அதே 0.7 வோல்ட்டை முதலாவதால் வகுத்தால் 47 விழுக்காடு, இரண்டாவதால் வகுத்தால் 56 விழுக்காடு. கருவி ஒன்றுதான். விலைப்பட்டியலில் விழுக்காட்டைப் பார்த்தால், எந்த வெப்பத்தை அடியில் வைத்து வகுத்தார்கள் என்று கேளுங்கள். டீசல் இயந்திரங்களுக்கு ஆவியளவை வைத்தே கணக்கிடும் வழக்கம் இருப்பதால், உங்கள் ஜெனரேட்டரோடு ஒப்பிட 56-ஐ எடுத்துக்கொள்வதுதான் முறை.

அழகர்கோவில் நண்பருக்கு: காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்காக இருப்பது மின்னழுத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் அந்தப் பங்கின் வர்க்கமூலமும் மடக்கையும் வருவதால், குறைவது 10 மில்லி வோல்ட்தான். எஞ்சிய 0.29 வோல்ட்டை அதனால் விளக்க முடியாது. சிறிதளவு ஹைட்ரஜன் சவ்வை ஊடுருவி மறுபக்கம் போய் ஆக்சிஜனோடு நேரடியாக வினைபுரிவதும், ஆக்சிஜன் மின்வாயில் வேறு துணை வினைகள் நடப்பதும்தான் முதன்மைக் காரணங்கள்.

திருமங்கலம்_வேதியியல், இரவு 11.02

ஆம், 241.8 நீராவி வரியில் இருக்கிறது. இப்போது 83.0 வருகிறது. இயந்திரம் 800, 300 கெல்வினுக்கு இடையே, 62.5 விழுக்காடு, வேலை 178.6 கிலோ ஜூல். மிக்க நன்றி ஐயா.

வைகைக்கரை, இரவு 11.09

நீராவி வரியை வைத்து எழுதும் மாணவர் 1.18 வோல்ட், 94.5 விழுக்காடு என்று முறையாகக் காட்டினால் அதற்கும் மதிப்பெண் தருவார்களா? வினாத்தாளில் நீரின் நிலையைக் குறிப்பிட்டிருந்தார்களா, தங்கையே?

மேலூர்_வெப்பவியல், இரவு 11.15

25 டிகிரி என்றாலே திரவ நீர்தான். ஐயத்துக்கு இடமில்லை.

அழகர்கோவில்_ஆய்வகம், இரவு 11.31

10 மில்லி வோல்ட் என்பதை இப்போது நானும் கணக்கிட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. அப்படியானால் எங்கள் மின்கலத்தில் குறையும் 0.3 வோல்ட்டில் ஊடுருவலின் பங்கு எவ்வளவு, துணை வினைகளின் பங்கு எவ்வளவு என்பதை மல்டிமீட்டரைக் கொண்டு பிரித்தறிய முடியுமா?

உசிலை_ஓய்வாசிரியர், இரவு 11.44

மல்டிமீட்டரால் மட்டும் முடியாது. ஆக்சிஜன் பக்கம் காற்றை நிறுத்தி நைட்ரஜனைச் செலுத்தி, வெளியிலிருந்து சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், ஊடுருவிவரும் ஹைட்ரஜன் அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒரு மின்னோட்டத்தைத் தரும். அதிலிருந்து ஊடுருவும் அளவு தெரியும். மின்னழுத்தத்தை நிலையாக வைத்துக்கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் கருவி உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதா?