ஒப்ரிகாது, ஒப்ரிகாதா: இந்த ஈற்று மாற்றத்துக்கு என்ன பெயர்?

மலர்விழி: போர்த்துகீசியப் பாடம் ஒன்றுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். நன்றி சொல்ல ஆண் 'ஒப்ரிகாது' என்பார், பெண் 'ஒப்ரிகாதா' என்பார். இதைப் 'பேசுவோர்பால் ஈறு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

செந்தில்: கேட்பவரைப் பொறுத்தல்லவா மாறும்? லிஸ்பனில் ரொட்டிக் கடை அம்மாவிடம் 'ஒப்ரிகாதா', அவர் கணவரிடம் 'ஒப்ரிகாது' என்று ஒரு வாரம் மாற்றி மாற்றிச் சொன்னேன். யாரும் திருத்தவில்லையே.

மலர்விழி: இல்லை செந்தில், நீங்கள் இருவரிடமும் 'ஒப்ரிகாது' என்றே சொல்லியிருக்க வேண்டும்.

கதிரவன்: தாய்லாந்து நாட்டின் தாய் மொழியில் ஆண்கள் பேச்சின் முடிவில் 'க்ரப்', பெண்கள் 'கா' சேர்ப்பார்கள். அதுவும் இதே கதைதான். 'பேசுவோர்பால் ஈறு' இரண்டுக்கும் பொருந்தும்.

இராசேந்திரன்: தாய் மொழிக்குப் பொருந்தும் தம்பி, இதற்குப் பொருந்தாது. தாய் மொழியில் எதைப் பற்றிப் பேசினாலும் பேசுகிறவரின் பால்தான் தெரியும். ஒப்ரிகாது அப்படியில்லை. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். அதிலிருந்து வந்த 'ஒப்ரிகார்' என்பதன் எச்சம் இது. 'கட்டுண்டவன்', 'கடமைப்பட்டவன்' என்று பொருள். 'நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன்' என்ற முழு வாக்கியத்தில் மற்றதெல்லாம் உதிர்ந்து கடைசிச் சொல் மட்டும் நின்றுவிட்டது. தமிழிலும் பெண் சொன்னால் 'கடமைப்பட்டவள்'தானே?

ஒரு மகன் கடிதம் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'என் அம்மா உங்களுக்கு மிகவும் கடமைப்பட்டவள்' என்பதற்கு 'ஆ மிஞ்ஞ மாய்ன் ஃபிக-ல்ய முய்ந்து ஒப்ரிகாதா' என்று எழுதுவான். எழுதுகிறவன் ஆண், ஈறோ பெண்பால். ஈறு எழுவாயோடு போகிறது. நன்றி சொல்லும்போது எழுவாய் 'நான்' என்பதால் பேசுகிறவரோடு போவதுபோல் தெரிகிறது. நமக்குத்தான் 'தோன்றா எழுவாய்' என்ற சொல் இருக்கிறதே. 'தோன்றா எழுவாய் இயைபு' என்று போடுங்கள்.

கதிரவன்: மகன் கடிதத்தைப் பார்த்தபின் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'முய்ந்து' ஏன் மாறவில்லை?

இராசேந்திரன்: அது 'மிகவும்' என்ற அடை. அதற்குப் பால் இல்லை.

மலர்விழி: ஐயா, பாடம் படிப்பவர்களுக்கு இது கனமாக இருக்குமே? குறிப்பில் 'கடமைப்பட்டவன் / கடமைப்பட்டவள்' என்று முதலில் காட்டிவிட்டு, கலைச்சொல்லைப் பிறகு தருகிறேன். 'பேசுவோர்பால் ஈறு' என்பதை எடுத்துவிடுகிறேன்.

ஃபாத்திமா: என்னோடு வேலை பார்க்கும் பிரேசில் தோழி எப்போதும் 'ஒப்ரிகாது' என்றுதான் சொல்வாள். கேட்டால், 'அது வெறும் நன்றிதானே' என்பாள். அவளுக்கு எந்த எழுவாய் தோன்றாமல் நிற்கிறது?

இராசேந்திரன்: அவர் வாயில் அது 'ஐயோ', 'அடடா' போல உறைந்துவிட்டது அம்மா. இலக்கண நூல்கள் பெண்ணுக்கு 'ஒப்ரிகாதா' என்றே சொல்கின்றன. பேச்சில் இப்படியும் கேட்கிறது. அந்த வழக்குக்கு என் சொல் உதவாது.

ஃபாத்திமா: அப்படியென்றால் 'உறைசொல்' என்று அதற்கும் ஒரு வரி சேர்க்கலாமா, மலர்?

மலர்விழி: 'உறைசொல்' என்றால் மேலுறை என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.