ஹோலோனோமிக் கட்டுக்குத் தமிழில் என்ன சொல்? வளைதடத்தில் உருளும் வட்டை முன்வைத்து

திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கான இயக்கவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். லாக்ராஞ்சி முறை பற்றிய இயலில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பொருளின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளில், நிலைகளுக்கு இடையிலான சமன்பாடாக எழுத முடிகிற வகையை ஹோலோனோமிக் என்கிறார்கள். 1894-இல் வெளிவந்த இயக்கவியல் நூலில் ஹெர்ட்ஸ் கிரேக்க வேர்களைக் கொண்டு அமைத்த சொல் இது. முழுமை, நெறி என்பவை அவ்வேர்களின் பொருள். அப்படியே பெயர்த்தால் ‘முழுநெறிக் கட்டு’ என்று வரும். மாணவருக்கு அது எதையும் உணர்த்துமா என்று ஐயப்படுகிறேன்.

நூலில் இச்சொல் முதலில் வரும் இடம் ஒரு கணக்கு. R ஆரமுள்ள வட்டவில் வடிவத் தடத்தின் உட்புறத்தில், r ஆரமுள்ள சீரான வட்டு நழுவாமல் உருள்கிறது. அடிப்புள்ளியைச் சுற்றி அது செய்யும் சிற்றலைவின் அதிர்வெண் என்ன? இந்தக் கணக்கோடு பொருந்தி நிற்கும் சொல்லாக இருந்தால் நல்லது.

மதுரையிலிருந்து, பள்ளி ஆசிரியர்:

ஐயா, இவ்வளவு சிரமம் வேண்டாம். நிலைகளைக் கட்டுவது ‘நிலைக்கட்டு’, வேகங்களைக் கட்டுவது ‘வேகக்கட்டு’. நழுவாமை என்பது தொடுபுள்ளியின் வேகம் சுழி என்பதுதான். ஆகவே உங்கள் கணக்கில் இருப்பது வேகக்கட்டு, ஹோலோனோமிக் அல்லாதது. எடுத்துக்காட்டைத்தான் மாற்ற வேண்டும்.

கணக்கு எளிது. வட்டின் மையத்தைத் தடத்தின் மையத்தோடு இணைக்கும் கோடு செங்குத்திலிருந்து θ சாய்ந்தால், வட்டு தடத்தில் Rθ நீள வில்லைக் கடந்திருக்கும். அதன் விளிம்பிலும் அதே நீளம் உருண்டிருக்க வேண்டும். எனவே வட்டு சுழன்ற கோணம் φ என்றால் rφ = Rθ.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற இயக்கவியல் பேராசிரியர்:

மதுரை ஐயாவின் மடலிலேயே அவர் முன்மொழிந்த பெயர்களுக்கு மறுப்பு இருக்கிறது. வேகக்கட்டு என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் நிலைகளுக்கு இடையிலான சமன்பாட்டை எழுதிவிட்டார். எழுத முடிந்தது என்பதே இது ஹோலோனோமிக் என்பதற்குச் சான்று. ஆனால் எழுதிய சமன்பாடு தவறு.

வேகத்திலிருந்தே தொடங்குவோம். வட்டின் மையம் R−r ஆரமுள்ள வட்டத்தில் நகர்வதால் அதன் வேகம் (R−r)θ̇. வட்டின் சுழற்சி, தொடுபுள்ளிக்கு எதிர்த்திசையில் rφ̇ வேகம் தருகிறது. தடம் அசையாதது, இரண்டும் ஒன்றையொன்று நீக்கியாக வேண்டும். அதைத் தொகையிட்டால் rφ = (R−r)θ. வில் நீளத்தைக் கொண்டு மதுரை ஐயா கண்ட கோணம், மையங்களை இணைக்கும் கோட்டிலிருந்து அளந்தது. அந்தக் கோடே எதிர்த்திசையில் θ திரும்பிவிடுகிறது. இயக்க ஆற்றலுக்கு வேண்டியது அசையாத திசையிலிருந்து அளந்த கோணம்.

வட்டின் ஆரம் தடத்தின் ஆரத்துக்குச் சமமாகட்டும். குழிக்குள் வட்டு இறுகப் பொருந்திவிடுகிறது; நழுவாமல் அது சுழல வழியே இல்லை. என் சமன்பாடு φ = 0 என்கிறது. rφ = Rθ என்பதோ சுழலும் என்கிறது.

இனி லாக்ராஞ்சி முறையில் மீதி விரைவாக முடியும். φ-ஐ நீக்கிவிட்டால் எஞ்சுவது θ ஒன்றுதான்:

```
T = ½ m (R−r)² θ̇² + ½ (½ m r²) φ̇²
  = ¾ m (R−r)² θ̇²
V = −m g (R−r) cos θ
L = T − V

(3/2)(R−r) θ̈ + g sin θ = 0
ω² = 2g / [3(R−r)]
```

கடைசி வரியில் மட்டும் sin θ-வை θ என்று கொண்டேன். தொடுபுள்ளி அசையாததால் உராய்வு வேலை ஏதும் செய்வதில்லை. அதனால் L-இல் அது இடம்பெறவில்லை. ஆனால் உராய்வு இருந்தாக வேண்டும். அது θ கோணத்தில் ⅓ m g sin θ. தொடக்கச் சாய்வு θ₀ என்றால் உராய்வுக் குணகம் ⅓ tan θ₀-வுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வட்டு நழுவும், கட்டு முறியும்.

R = 30 செ.மீ., r = 5 செ.மீ. என்றால் பத்து அலைவுக்கு ஏறத்தாழ 12.3 விநாடி ஆகும். rφ = Rθ என்று கொண்டால் 13.2 விநாடி வரும். நிறுத்துக்கடிகாரமே வேறுபாட்டைக் காட்டிவிடும். கடிகாரம் இல்லாமலும் பார்க்கலாம். வட்டின் முகத்தில், மையத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு குறி இடுங்கள். மையக் கோடு 18° சாயும்வரை வட்டை மெல்ல உருட்டி ஏற்றுங்கள். குறி கிடைமட்டத்துக்கு வந்திருக்கும், அதாவது 90° திரும்பியிருக்கும், 108° அல்ல. வட்டு அடிப்புள்ளிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் குறி நேர் மேலே நிற்க வேண்டும். விலகினால் எங்கோ நழுவியிருக்கிறது.

இந்தக் குறிதான் நாம் தேடும் சொல்லின் பொருள். இடம் தெரிந்தால் திரும்பல் தெரிகிறது, வந்த வழி தேவையில்லை. வேகங்களாக எழுதிய கட்டைத் தொகையிட்டு நிலைகளின் சமன்பாடாக மாற்ற முடிகிறது. ஆகவே ‘தொகைபடு கட்டு’ என்றும், எதிர்மறைக்குத் ‘தொகைபடாக் கட்டு’ என்றும் வைக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பௌதிகவியல் ஆசிரியை:

வணக்கம் ஐயா. எங்கள் ஆய்வுகூடத்தில் குழியாடியின் மேல் உருக்குக் குண்டை உருளவிட்டு அலைவுகாலம் அளப்போம். மேலே வந்த சூத்திரத்தை அதற்குப் பயன்படுத்தலாமா? சிறிது நேரத்தில் குண்டு நேர்கோட்டை விட்டு நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அந்த அளவீடுகளைக் கைவிட வேண்டுமா?

சொல்லைப் பற்றி: இலங்கையில் அதிர்வெண்ணை மீடிறன் என்போம், நிலைமத் திருப்புத்திறனைச் சடத்துவத் திருப்பம் என்போம். ஆனால் தொகையீடு இரு கரைக்கும் பொது. அதனால் ‘தொகைபடு’ எங்கள் மாணவர்க்கும் புரியும்.

கோவையிலிருந்து:

அம்மா, திண்மக் கோளத்தின் சடத்துவத் திருப்பம் ⅖ m r². எனவே உங்கள் குண்டுக்கு ω² = 5g / [7(R−r)]. இங்கே R என்பது ஆடியின் வளைவு ஆரம். குவியத் தொலைவு அதில் பாதி. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது வழக்கம், கவனியுங்கள்.

குண்டு ஒரே செங்குத்துத் தளத்தில் ஆடும்வரை கட்டு தொகைபடும். நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கியதும் நிலைமை வேறு. குண்டின் மேல் குறி இட்டுப் பாருங்கள். ஆடியின் அதே இடத்துக்கு வேறு வழியில் திரும்பி வந்தால் குறி வேறு பக்கம் பார்த்து நிற்கலாம். நழுவாமை என்ற நிபந்தனை அதேதான், ஆனால் இப்போது தொகைபடவில்லை. ‘வேகக்கட்டு’ என்ற பெயர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. சூத்திரத்தைச் சரிபார்க்க, நேர்கோட்டில் ஆடிய அளவீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. ‘தொகைபடு கட்டு’ என்றே எழுதப் போகிறேன். ‘தொகை’ என்றதும் பணத்தொகை நினைவுக்கு வரும் என்று பதிப்பாசிரியர் சொல்லக்கூடும். தொகையிடலைப் பள்ளியிலேயே படித்துவிட்ட மாணவருக்கு அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

மதுரையிலிருந்து:

கணக்கு தெளிவாகிவிட்டது. சொல்லில் எனக்கு இன்னும் ஒரு தடை இருக்கிறது. உட்புறத் தடத்தில் வட்டு தடத்தை அழுத்த முடியும், பற்றி இழுக்க முடியாது. முழுச் சுற்றுப் போகும் அளவுக்கு வேகம் கொடுத்து, அது சற்றே குறைந்துபோனால், மேற்பகுதியில் வட்டு தடத்தை விட்டுப் பிரிந்துவிடும். அப்படியானால் ‘தடத்தைத் தொட்டிரு’ என்ற கட்டே உண்மையில் ஒரு சமனிலி: மையம் R−r தொலைவுக்கு அப்பால் போகக் கூடாது, உள்ளே வரலாம். சில நூல்கள் இத்தகைய சமனிலிகளையும் ஹோலோனோமிக் அல்லாதவை என்ற பட்டியலில் சேர்க்கின்றன. அதில் வேகமே இல்லை, தொகையிட ஒன்றுமில்லை. அதையும் ‘தொகைபடாக் கட்டு’ என்று அழைப்பதா, ‘ஒருபுறக் கட்டு’ என்று தனிப்பெயர் கொடுப்பதா? திருச்சி ஐயா மொழிபெயர்க்கும் நூல் எந்த வரையறையைப் பின்பற்றுகிறது என்று பார்த்துச் சொன்னால் மேலே பேசலாம்.