‘பிரைடல் மிஸ்டிசிசம்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கவிதா: வணக்கம். பக்திப் பாடல்களுக்குப் புதியவர்களுக்காக ஓர் அறிமுக நூலை மொழிபெயர்க்கிறேன். உயிரைக் காதலியாகவும் இறைவனைக் காதலனாகவும் வைத்துப் பாடும் மரபுக்கு ‘மணமகள் மறைஞானம்’ என்று போட்டேன். என் தங்கை படித்துவிட்டுச் சிரிக்கிறாள். வேறு சொல் உண்டா?

சீனிவாசன்: இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்? நாயகி பாவம், அதாவது பாடுபவர் தம்மையே நாயகியாகப் பாவித்துப் பாடுவது. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆகிறார், திருமங்கையாழ்வார் பரகால நாயகி. ‘ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு’ என்கிறது ஆசாரிய ஹிருதயம் என்ற வைணவ நூல். தெளிவில் ஆழ்வார் தாமாகப் பேசுவார். காதல் மீறும்போது பெண் குரல் வந்துவிடும். ஆண்டாளே இதற்குச் சிறந்த சான்று.

முத்தையா: ஆண்டாள் பெண்ணாகவே பாடியவர் ஐயா, அவருக்கு எதற்கு பாவம்? அப்பரைப் பாருங்கள். ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்ற திருவாரூர்த் தாண்டகம். பாடுபவர் ஆண், ஆனால் அதில் தலைவிகூடப் பேசவில்லை. அவளைப் பக்கத்திலிருந்து பார்க்கிற ஒருத்தி சொல்வதுபோல இருக்கிறது. முதலில் அவன் பெயரைக் கேட்கிறாள், பிறகு அவன் வண்ணத்தை, பிறகு அவன் ஊரான ஆரூரை. உடனே அவனுக்கே பிச்சியாகிறாள். தாயையும் தந்தையையும் அன்றே விடுகிறாள், ஊரார் ஆசாரத்தை விடுகிறாள், தன்னை மறக்கிறாள். அப்புறம் ‘தன் நாமம் கெட்டாள்’. அவன் நாமம் கேட்டாள், தன் நாமம் கெட்டாள்: ஒரு நெடில் குறிலானதும் ஆளே இல்லை! கடைசியில் சேர்வது தலைவன் தாளில். வீட்டை விட்டு உடன்போக்குப் போன பெண்ணின் கதைதான், ஆனால் கல்யாணம் எங்கும் இல்லை. ‘மணமகள்’ அதனால்தான் ஒட்டவில்லை.

செல்வி: எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஆண்டாளின் ‘வாரணமாயிரம்’ பாடினார்கள். அது முழுக்க முழுக்கக் கல்யாணக் கனவுதானே? மாலை மாற்றும் நேரத்தில் என் அத்தை அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

முத்தையா: சரி, அங்கே பொருந்தும். எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றுதான் சொன்னேன்.

ரஹீம்: நாயகி பாவமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியில் பாடுகிறவர் காதலன், தேடப்படும் மெய்ப்பொருள்தான் காதலி. பாரதியும் ஒரு பக்கம் ‘கண்ணன் என் காதலன்’, மறுபக்கம் ‘கண்ணம்மா என் காதலி’.

கவிதா: இன்னொரு சங்கடம். ‘நாயகி பாவம்’ என்றதும் தங்கை, “ஏன், அவளுக்கு என்ன ஆச்சு?” என்றாள். ஆகவே இப்போதைக்கு, மொத்த மரபுக்கும் ‘இறைக்காதல்’, ஆண் கவிஞர் பெண்ணாகப் பாடும் இடத்துக்கு மட்டும் ‘நாயகி நிலை’.

சீனிவாசன்: பாவத்தை நிலை என்றால் நடிப்பும் போகும், உருக்கமும் போகும். நான் ஒப்பமாட்டேன்.

முத்தையா: எனக்கு ‘இறைக்காதல்’ சரி. ஆனால் ‘நாயகி நிலை’ என்றால் அப்பர் பாட்டை எதில் சேர்ப்பீர்கள்? அங்கே பேசுவது நாயகி இல்லையே.