வெள்ளி: தூர மாத விலை கிட்ட மாதத்தை விடக் குறைவு, ஹெட்ஜை மாற்றலாமா?

வணக்கம். திருநெல்வேலி டவுனில் வெள்ளிப் பாத்திரக் கடை. கையில் 10 கிலோ கட்டி வெள்ளி. விலை இறங்கினால் அடி விழாமலிருக்க எம்.சி.எக்ஸ். சில்வர் மினியில் ஏப்ரல் மாதத்தில் 2 லாட், அதாவது 10 கிலோ, விற்று வைத்திருக்கிறேன். அதை ஜூனுக்கு மாற்றப் போனால் கணக்கு இடிக்கிறது.

கணக்குக்காக முழு எண்ணாகச் சொல்கிறேன்: ஏப்ரல் 89,600, ஜூன் 89,000. 8 சதவீத வட்டியில் 60 நாளுக்குக் கிலோவுக்குச் சுமார் 1,180 ரூபாய். அதைச் சேர்த்தால் ஜூன் 90,780 பக்கம் நிற்க வேண்டும். அதுதான் வழக்கமான கான்டாங்கோ.

முதலில் ஜி.எஸ்.டி. குழப்பமோ என்று பார்த்தேன். உள்ளூர் விலை 92,700இல் 3 சதவீதம் வரி; ஃபியூச்சர்ஸ் விலையில் வரி கிடையாது. வரியைக் கழித்தாலும் ரொக்க விலை 90,000 நிற்கிறது. பலரும் இங்கேதான் ஏமாறுவார்கள். அதனால் ஒரே சந்தையின் இரண்டு மாதங்களையும் ஒப்பிட்டேன், அப்போதும் தலைகீழ்தான். ஆக இது நிஜ பேக்வார்டேஷன்: உடனே சரக்கு வேண்டியவர்கள் கூடுதல் கொடுக்கிறார்கள்.

ஏப்ரலை வாங்கி முடித்து ஜூனை விற்றால் கிலோவுக்கு 600, மொத்தம் 6,000 ரூபாய் குறைவு, தரகு தனி. கட்டியை இப்போதே விற்று ஜூன் வாங்கி வைப்பது காகிதத்தில் லாபம். ஆனால் இங்கே கட்டியைத் திருப்பி எடுப்பவர்கள் கழிவு பிடிப்பார்கள்.

கிலோவுக்கு எவ்வளவு கழிவு வரை போனால், கட்டியை விற்று ஜூன் வாங்குவது ஹெட்ஜை மாற்றுவதை விட மேல்?