148 எப்படி 138 ஆனது? பீட்ரூட் சாறும் மாத்திரையும்

தேன்மொழி: மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 148/92 என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தார்கள். இன்னும் தொடங்கவில்லை. ஆறு நாளாகக் காலையில் ஒரு தம்ளர் பீட்ரூட் சாறு குடிக்கிறேன். நேற்று வீட்டுக் கருவியில் 138/86. பூண்டு, மக்னீசியம், செம்பருத்தித் தேநீர், மீன் எண்ணெய் ஆகியவற்றையும் சேர்த்தால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாமா? எதற்கு உண்மையான சான்று இருக்கிறது?

முகிலன்: தாராளமாகச் சமாளிக்கலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 250 மி.லி. சாறு நான்கு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு ஏறத்தாழ 8 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்களுக்கோ பத்துப் புள்ளி இறங்கியிருக்கிறது. பிறகு எதற்கு மாத்திரை?

பரிதி: அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களுக்கும் பீட்ரூட் சாறுதான் கொடுத்தார்கள், நைட்ரேட்டை மட்டும் நீக்கிவிட்டு. அவர்களுக்கு அழுத்தம் இறங்கவில்லை. ஆகவே வேலை செய்தது நைட்ரேட்தான் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் சாற்றை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பியது என்பதும் அதே ஆய்வில் உள்ளதுதான். பக்கவாதமும் மாரடைப்பும் குறைகின்றனவா என்று பார்க்க நான்கு வாரம் போதாது. மாத்திரைகளுக்கு அந்தச் சான்று பல ஆண்டுகளாக இருக்கிறது, முகிலன்.

தேன்மொழி, 148 மருத்துவமனையில் எடுத்தது, 138 வீட்டில் எடுத்தது. பலருக்கு வீட்டில் இயல்பாகவே குறைவாகக் காட்டும். இரண்டையும் கழித்து வந்த பத்தைச் சாற்றின் கணக்கில் எழுத முடியாது. இன்னொன்று: காலையில் வாய் கொப்பளிக்கும் மருந்து ஏதாவது பயன்படுத்துகிறீர்களா?

செல்லம்மாள்: எங்கள் தோட்டத்துச் செம்பருத்திப் பூவை இரண்டு வருடமாகக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். முடி கொட்டுவது நின்றது. அழுத்தமும் 130தான். நீங்களும் அதையே குடியுங்கள் அம்மா.

பரிதி: அம்மா, ஆய்வு செய்யப்பட்டது அந்தப் பூ அல்ல. புளிச்சைச் செடி வகையைச் சேர்ந்த ஒன்றின் சிவந்த, புளிப்பான புல்லிவட்டம் அது. அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஆய்வில் 65 பேர் கலந்துகொண்டார்கள். தேநீர்க்காரர்கள் நாளைக்கு மூன்று கோப்பை என்று ஆறு வாரம் குடித்ததில் மேல் அளவு 7 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளி. சிறிய ஆய்வு, ஆனாலும் ஒழுங்கானது. அதைத் தோட்டத்துப் பூவுக்கு மாற்றிச் சொல்ல முடியாது.

தேன்மொழி: ஆமாம், ஈறு வீக்கத்துக்குப் பல் மருத்துவர் குளோர்ஹெக்சிடின் கொடுத்திருக்கிறார். கொப்பளித்த கையோடுதான் சாற்றைக் குடிக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பரிதி: நிறையத் தொடர்பு இருக்கிறது. குடலில் உறிஞ்சப்படும் நைட்ரேட்டில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாக வாய்க்குத் திரும்புகிறது. நாக்கின் பின்பக்கம் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடுதான் இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. குளோர்ஹெக்சிடின் அந்தப் பாக்டீரியாவை அழித்துவிடும். சாறு உள்ளே போனாலும் பாதி வழியில் வேலை நின்றுவிடும். நீங்கள் பார்த்த பத்துப் புள்ளி சாற்றினால் வந்ததல்ல என்று நான் சந்தேகிப்பது இதனால்தான். ஆனால் பல் மருத்துவரைக் கேட்காமல் அந்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

கதிர்: மீன் எண்ணெய் வாங்குவதாக இருந்தால் புட்டியில் ஒட்டிய சீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் 1000 மி.கி. என்று இருக்கும், அதில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகளான EPA, DHA இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300தான். ஆய்வுகளில் 2 அல்லது 3 புள்ளி இறங்கியதே நாளைக்கு 2 முதல் 3 கிராம் வரை எடுத்தவர்களுக்கு. அப்படியென்றால் ஏழு முதல் பத்து மாத்திரை! அவ்வளவு எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். மக்னீசியம் இறக்குவதும் சுமார் 2 புள்ளிதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

முகிலன்: பூண்டை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? பதப்படுத்திய பூண்டுச் சாரத்தில் 8 புள்ளி வரை காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன.

பரிதி: இருக்கின்றன, மறுக்கவில்லை. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பச்சைப் பூண்டை மென்றால் அதே பலன் கிடைக்குமா என்பதை அவை சொல்லவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அந்தச் சாரத்தைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

தேன்மொழி, ஏழு நாள் அளந்து பாருங்கள். காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மார்பு உயரத்தில் மேசைமீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85ஐத் தாண்டினால் அது உயர்வுதான்.

தேன்மொழி: எட்டு நாள் ஆயிற்று. சராசரி 142/89. 138 என்பது ஒரே ஒருநாள்தான் வந்தது. நேற்று மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். சாறு குடிப்பதை மருத்துவரிடம் சொன்னேன். அதில் பொட்டாசியம் அதிகம் என்று சிறுநீரகப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார். முடிவு வரும்வரை சாறு வேண்டாம் என்றார்.

முகிலன்: வாய்மருந்தை முடித்துவிட்டுச் சாற்றுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கலாம். இப்போது இறங்கினால் எது இறக்கியது என்று எப்படித் தெரியும்?

பரிதி: தெரியாமல் போகலாம். அவருக்கு அழுத்தம் இறங்க வேண்டும், எனக்கு அது போதும்.